கலைச்சொல் விவாதம்: அல்லைல் ஈதரைச் சூடாக்கினால் நடப்பதை எப்படிச் சொல்வது?

வளர்மதி, லாஸ்பேட்டை

குழுவினருக்கு வணக்கம். இளநிலை வேதியியல் மாணவர்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதி வருகிறேன். கிளெய்சன் வினையில் ஒரு சொல் தடுக்கிறது. 'இடமாற்றம்', 'மறுசீரமைப்பு' இரண்டும் புழக்கத்தில் உள்ளன. 'இடமாற்றம்' என்று படித்த பிள்ளைகள், அல்லைல் தொகுதி ஆக்சிஜனை விட்டு எழுந்து பக்கத்துக் கார்பனில் அப்படியே உட்காருகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஈதரைக் கொடுத்தால் தெரிந்துவிடும்:

C6H5–O–CH2–CH=CH–CH3

சுமார் 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் என்ன வரும் என்று கேட்டால், வகுப்பில் பாதிப்பேர் எழுதுவது HO–C6H4–CH2–CH=CH–CH3. ஆனால் வருவது இது:

HO–C6H4–CH(CH3)–CH=CH2

ஆக்சிஜனைப் பிடித்திருந்த CH2 வளையத்தில் ஒட்டவே இல்லை. அதிலிருந்து இரண்டு கார்பன் தள்ளி இருந்த மறுமுனைதான் ஒட்டுகிறது. இதைச் சொல்லிலேயே உணர்த்த வேண்டும் என்பது என் ஆசை. 'அறுவணு வளையப் பெயர்வு' என்று எழுதலாமா?

கோதண்டபாணி, நெல்லிக்குப்பம்

இதற்குப் புதுச்சொல் எதற்கு அம்மா? 'கிளெய்சன் குறுக்கம்' என்று ஏற்கெனவே இருக்கிறதே. எத்தில் அசிட்டேட்டும் சோடியம் எத்தாக்சைடும் சேர்ந்து பீட்டா கீட்டோ எஸ்டர் தருவது. நான் பல வருடம் நடத்திய பாடம்.

வளர்மதி

ஐயா, நீங்கள் சொல்வது 1887-இல் வந்த எஸ்டர் வினை. நான் கேட்பது அதே லுட்விக் கிளெய்சன் 1912-இல் வெளியிட்ட வேறொரு வினை. இதில் காரம் வேண்டாம், இரண்டாவது மூலக்கூறு வேண்டாம், எதுவும் வெளியேறுவதும் இல்லை. வெப்பம் போதும். வினைபொருளுக்கும் விளைபொருளுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே.

தேன்மொழி, கடலூர் முதுநகர்

மேடம், நான் முதுநிலை முதலாண்டு. 'அறுவணு வளையம்' என்றதும் எனக்குப் பென்சீன் வளையம்தான் மனத்தில் வந்தது. நீங்கள் சொல்லும் ஆறு அணுக்களில் பென்சீனின் கார்பன்கள் இரண்டே இரண்டுதானே? புதிதாகப் படிப்பவர் கண்டிப்பாகக் குழம்புவார்.

வளர்மதி

நல்ல தடை, தேன்மொழி. இதை யோசிக்கவில்லை. சரி, எண்ணும் முறையை முதலில் எழுதிவிடுகிறேன். சொல் அதிலிருந்தே பிறக்கட்டும்.

பென்சீன் இல்லாத எளிய ஈதரை எடுத்துக்கொள்வோம்:

CH2=CH–O–CH2–CH=CH2

உடையப்போவது ஆக்சிஜனுக்கும் அல்லைலின் CH2-க்கும் இடையிலான ஒற்றைப் பிணைப்பு. அதன் இரு முனைகளிலிருந்தும் வெளிப்பக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். இடப்பக்கம் ஆக்சிஜன் ஒன்று, CH இரண்டு, CH2 மூன்று. வலப்பக்கம் CH2 ஒன்று, CH இரண்டு, கடைசி CH2 மூன்று. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் உடைகிறது, மூன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பிணைகிறது. இரட்டைப் பிணைப்புகள் இரண்டு பக்கமும் இரண்டு-மூன்றிலிருந்து ஒன்று-இரண்டுக்கு நகர்கின்றன. எல்லாம் ஒரே வீச்சில் நடக்கிறது. கிடைப்பது:

O=CH–CH2–CH2–CH=CH2

பென்ட்-4-ஈனால் என்ற ஆல்டிஹைடு. பீனைல் ஈதருக்கும் இதே கணக்குதான். ஆக்சிஜன் ஒன்று, அது ஒட்டியிருக்கும் வளையக் கார்பன் இரண்டு, ஆர்த்தோ கார்பன் மூன்று. பிணைப்பு விழுந்த கணத்தில் வளையம் அரோமேட்டிக் தன்மையை இழந்து டையீனோனாக நிற்கும். பிறகு ஆர்த்தோ கார்பனின் ஹைட்ரஜன் ஆக்சிஜனுக்குப் போய், பீனால் கிடைக்கிறது.

எண்ணும்போது இரண்டு பக்கமும் இரண்டு-மூன்றுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அல்லைல் பென்சைல் ஈதரில் ஒரு பக்கம் அது இல்லை. அங்கே இந்த வினையை எழுதக் கூடாது.

குணசேகரன், கடலூர்

சிப்காட் பகுதியில் ஒரு ஆலையின் ஆய்வகத்தில் இருந்தேன். குவாயகாலின் அல்லைல் ஈதரைச் சூடாக்கி யூஜினால் எடுத்திருக்கிறோம், கிராம்பு எண்ணெயில் இருக்கும் அதே சரக்கு. கரைப்பான் இல்லாமல் சூடாக்கினால் தார் மாதிரி கறுத்துவிடும். என்,என்-டைஎத்தில் அனிலின் ஊற்றினால் ஓரளவு சுத்தமாக வரும், அது 217 டிகிரியில்தான் கொதிக்கும். பீனால் உண்டாகிவிட்டதா என்று பார்க்கக் காரக்கரைசலில் குலுக்குவோம். ஈதர் கரையாது, பீனால் இறங்கிவிடும். என்னைக் கேட்டால் அல்லைல் பிரிந்து போய்த் திரும்ப ஒட்டுகிறது, அவ்வளவுதான். 'பிரிந்திணைவு' என்று வையுங்கள்.

இளங்கோ, வில்லியனூர்

குணசேகரன் சார், கரைப்பானும் காரச் சோதனையும் நீங்கள் சொன்னது மிகச் சரி. ஆனால் இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்.

முதலில், கிராம்பின் யூஜினாலில் அல்லைல் இருப்பது ஹைட்ராக்சிலுக்குப் பாரா இடத்தில். குவாயகால் ஈதரில் ஒரு ஆர்த்தோ இடத்தை மெத்தாக்சி அடைத்திருந்தாலும் இன்னொன்று காலி. அல்லைல் பெரும்பாலும் அங்கேதான் போகும். உங்களுக்கு முக்கியமாகக் கிடைத்திருக்கக்கூடியது ஆர்த்தோ-யூஜினால். இரண்டும் பீனால்தான் என்பதால் காரச் சோதனையில் வேறுபாடு தெரியாது.

இரண்டாவது, பிரிந்து போவதில்லை. இரண்டு வெவ்வேறு அல்லைல் அரைல் ஈதர்களை ஒரே குடுவையில் சேர்த்துச் சூடாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அல்லைல் தொகுதி பிரிந்து அலைந்திருந்தால் ஒன்றின் தொகுதி மற்றதன் வளையத்தில் ஒட்டிய கலப்புப் பொருள்கள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகவே 'பிரிந்திணைவு' வேண்டாம்.

வளர்மதி சொன்ன மறுமுனைப் பிணைப்பை என்.எம்.ஆரில் நேராகப் பார்க்கலாம். மெத்தில் தொகுதி இரண்டு பொருள்களிலும் இரட்டையாகவே பிரியும் என்பதால் அது மட்டும் போதாது. இரட்டைப் பிணைப்புப் பகுதியின் ஹைட்ரஜன்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் சரியான பொருள், இரண்டே இருந்தால் பிள்ளைகள் வரைந்த தவறான பொருள். வெறும் அல்லைலில் இரு முனையும் ஒரே மாதிரி என்பதால் இந்த வழி உதவாது. அங்கே ஒரு முனைக் கார்பனுக்குக் கார்பன்-14 குறியிட்டுத்தான் நிறுவினார்கள்.

என் பரிந்துரை 'முனைமாறு பெயர்வு'.

வளர்மதி

'முனைமாறு பெயர்வு' எனக்கு உடனே பிடித்துவிட்டது. படிப்பவர் எந்த இடத்தில் தவறுவாரோ அந்த இடத்தையே சொல் காட்டுகிறது.

தேன்மொழி

எனக்கும் பிடித்தது. ஆனால் ஒரு சிக்கல், ஐயா. இரண்டு ஆர்த்தோ இடங்களிலும் மெத்தில் இருந்தால்? வளர்மதி மேடத்தின் முதல் ஈதரிலேயே வைத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் பெயர்வில் CH(CH3) முனை ஆர்த்தோ கார்பனில் ஒட்டுகிறது. அங்கே மெத்தில் இருப்பதால் எடுத்துக்கொடுக்க ஹைட்ரஜன் இல்லை, டையீனோன் பீனாலாக முடியாது. அதனால் மறுபடி எண்ணினேன். ஆர்த்தோ கார்பன் ஒன்று, அடுத்த வளையக் கார்பன் இரண்டு, பாரா கார்பன் மூன்று. எதிர்ப்பக்கம் CH(CH3) ஒன்று, CH இரண்டு, CH2 மூன்று. CH2 போய்ப் பாராவில் ஒட்டுகிறது. கடைசியில் வருவது பாரா இடத்தில் –CH2–CH=CH–CH3. முதலில் ஆக்சிஜனைப் பிடித்திருந்த அதே முனை! மாணவர் 'முனைமாறு' என்ற சொல்லை நம்பி எழுதினால் இங்கே தவறாகிவிடுமே?

இளங்கோ

போட்ட கணக்கு சரி. நடப்பதும் அதுதான். ஆனால் இது இரண்டு பெயர்வு. ஒவ்வொன்றிலும் முனை மாறுகிறது, இரண்டு முறை மாறியதால் பழைய முனைக்கே வந்தது. சொல் ஒரு படிக்குப் பொருந்தினால் போதும் என்பேன்.

தேன்மொழி

கேள்வித்தாளில் முதலும் முடிவும் மட்டும்தானே ஐயா இருக்கும்? இடையில் இருக்கும் டையீனோனை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். அவருக்கு 'மூன்று-மூன்று பெயர்வு' என்பது பாதுகாப்பானது என்று தோன்றுகிறது. அது எண்ணச் சொல்கிறது, முடிவை முன்கூட்டியே சொல்வதில்லை.

கோதண்டபாணி

இப்போது வினை புரிந்தது, நன்றி. 'மூன்று-மூன்று' என்றால் எண்ணத் தெரிந்தவருக்குத்தான் விளங்கும். என் ஓட்டு 'முனைமாறு' பக்கம்.

குணசேகரன்

ஆர்த்தோ-யூஜினால் விஷயத்தைப் பழைய நோட்டில் தேடிப் பார்க்கிறேன். கொதிநிலை குறித்து வைத்த ஞாபகம்.

வளர்மதி

இப்போதைக்குக் குறிப்பில் 'முனைமாறு பெயர்வு' என்று எழுதி, தேன்மொழியின் பாரா கணக்கை அதே பக்கத்தில் முழுதாகச் சேர்க்கிறேன். 'மூன்று-மூன்று' எண்ணும் முறையின் பெயராக இருக்கட்டும். ஆக்சிஜனே இல்லாத கோப் வினைக்கும் இதே சொல் போதுமா என்பதை யாராவது எழுதுங்கள்.