கற்சிலைமடுக் கல்லும் மாமியின் கிணறும்: உறவினருக்கு வழிகாட்டிய அனுபவங்கள்

ஒட்டுசுட்டான் வழிகாட்டி:

வெளிநாட்டிலிருந்து வரும் எம்மவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஊர் காட்டி வருகிறேன். கோயில், குளம், கல் என்று எதைக் காட்டினாலும், அவர்களில் பலர் உண்மையில் தேடி வருவது தாம் பிறந்த வளவைத்தான். சென்ற ஆடி மாதம் கனடாவிலிருந்து வந்த ஒரு மாமியோடு கழிந்த ஒரு நாளை இங்கே எழுதுகிறேன்.

அவர் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே தொலைபேசியில் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுக்கொண்டேன். வீட்டின் நிறத்தையோ முற்றத்து மாமரத்தையோ நான் கேட்பதில்லை. எந்தக் குளத்தின் வாய்க்கால், எந்தக் கோயிலுக்கு எந்தப் பக்கம், அயலில் யார் இருந்தார்கள், காணி உறுதி இருந்தால் அதில் நான்கு எல்லைகளும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பவற்றையே கேட்பேன். வீடு இடிந்துபோகும், மரம் தறிக்கப்படும், வேலி இடம் மாறும். குளக்கட்டும் வாய்க்காலும் கோயிலும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மாமியின் உறுதியில் கிழக்கு எல்லை வாய்க்கால் என்று இருந்தது எங்களுக்குப் பேருதவியாயிற்று.

அடுத்ததாக, போகும் நாளுக்கு முதல்நாள் நான் தனியே சென்று, இப்போது அந்தக் காணியில் குடியிருப்பவரைச் சந்தித்தேன். இதைத் தவறவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். ஒரு வான் நிறைய ஆட்கள் உறுதியைக் கையில் பிடித்தபடி படலையில் வந்து நின்றால், காணியைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் எவரும் அஞ்சுவார். வருவது ஒரு வயோதிபப் பெண், அரை மணி நேரம் நின்று பார்க்க விரும்புகிறார் என்று சொன்னவுடன், அவர் தேநீர் வைப்பதாகவே கூறிவிட்டார். உறுதியை மாமியின் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை தான்தோன்றீஸ்வரர் கோயிலில் வணங்கிவிட்டு, கற்சிலைமடுவில், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லடியில் நின்றோம். அந்தக் கல்லின் ஆங்கில வாசகத்தில் நான் எப்போதும் விரல் வைத்துக் காட்டுவது முதற்சொற்களைத்தான். ‘இவ்விடத்தில்’ என்று அது சொல்லவில்லை, ‘இவ்விடத்தை அண்டி’ என்றே சொல்கிறது. ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனை 31 ஒக்டோபர் 1803 அன்று தோற்கடித்தார் என்பது அதன் செய்தி. கல்லை நட்டவர்களே சரியான அடியைக் குறிக்கத் துணியவில்லை என்பதை மாமியிடம் சொன்னேன், ஏனெனில் அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே சொல் எங்களுக்கும் தேவைப்படக்கூடும் என்று எனக்குத் தெரியும்.

அப்படியே நடந்தது. வளவில் ஒரு கட்டுக்கிணறு இருந்தது. சுற்றியிருந்த சீமெந்துத் தளத்தின் ஓரத்தைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தபோது, ஈரச் சீமெந்தில் குச்சியால் கீறப்பட்ட ‘1971’ என்ற இலக்கங்கள் தெரிந்தன. மாமி அழத் தொடங்கிவிட்டார். ஆனால் தகப்பனார் கிணறு வெட்டியது 1969 இல் என்று அவரே முன்பு எனக்குச் சொல்லியிருந்தார். தளம் பிறகு போடப்பட்டிருக்கலாம், அல்லது அது அயலவரின் கிணறாகவும் இருக்கலாம். வாய்க்கால் ஓரத்தில் அதே அகலத்தில் மூன்று வளவுகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இதுதான் என்று நான் உறுதி சொல்லவில்லை, இதுவோ இதற்கு அடுத்ததோ என்றேன். அவர் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து முடிந்துகொண்டார்.

வவுனியா ஆசிரியர்:

மிகப் பயனுள்ள பதிவு. நானும் மாணவர்களையும் பிரான்சிலிருந்து வரும் என் தமையனார் குடும்பத்தையும் கற்சிலைமடுவுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். பண்டாரவன்னியன் அந்த ஒக்டோபர் நாளில் அங்கேயே வீரமரணமடைந்தார் என்றும், அதனால்தான் அங்கே கல் நாட்டப்பட்டது என்றும் விளக்குவது என் வழக்கம். வவுனியா நகரிலுள்ள சிலையடியில் தொடங்கி அங்கே முடித்தால் பிள்ளைகளுக்குக் கதை முழுமையாக இருக்கும்.

ஒட்டுசுட்டான் வழிகாட்டி:

ஆசிரியர் ஐயா, திகதி சரி, ஆனால் கல்லில் மரணம் என்ற சொல்லே இல்லை. தோற்கடிக்கப்பட்டார் என்று மட்டுமே உள்ளது, அந்தத் தோல்விக்குப் பின்னரும் அவர் உயிரோடிருந்தார். முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையை அவர் கைப்பற்றிய 25 ஓகஸ்ட் 1803 ஐத்தான் நாங்கள் வெற்றி நாளாக நினைவுகூருகிறோம். அன்று படையோடு வள்ளங்களில் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்க நேர்ந்தவரும் இதே டிரிபேர்க்தான். இரண்டு மாதங்களுக்குப் பின் அவரே படையோடு திரும்பி வந்தார். பிள்ளைகளுக்கு இந்த இரண்டு நாட்களையும் சேர்த்துச் சொன்னால், ஆங்கிலேயர் வைத்த கல் ஏன் ஓகஸ்ட்டைப் பற்றிப் பேசாமல் ஒக்டோபரைப் பற்றி மட்டும் பேசுகிறது என்று அவர்களே கேட்பார்கள்.

வவுனியா ஆசிரியர்:

திருத்தத்துக்கு நன்றி. ஆயினும் எங்கள் ஊர் முதியவர்கள் அங்கேதான் அவர் வீழ்ந்தார் என்று சொல்லக் கேட்டே வளர்ந்தேன். அந்த வாய்மொழியை முற்றாகக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. கல் சொல்வது இது, ஊர் சொல்வது இது என்று இரண்டையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

இலண்டன் உறவு:

வணக்கம். நாங்கள் ஒன்பது பேர் ஓகஸ்ட்டில் வருகிறோம். மடுத் திருவிழாவுக்குப் போக வான் பிடித்துத் தருவீர்களா? அங்கே தங்குமிடம் கிடைக்குமா?

ஒட்டுசுட்டான் வழிகாட்டி:

ஐயா, இங்கே பழைய வளவு தேடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆயினும் சொல்கிறேன்: ஓகஸ்ட் 15 ஐ ஒட்டி மடுவில் பெருங்கூட்டம் கூடும், தங்குமிடத்தை இப்போதே கேட்டு வையுங்கள். வளவு தேடும் எண்ணமும் இருந்தால் திருவிழாவுக்கு இரண்டு நாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

முள்ளியவளைத் தங்கை:

எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வந்த என் சிற்றப்பாவின் மகன், தாத்தாவின் பழைய தோட்டத்தைக் காணவேண்டுமென்று பற்றைக்குள் இறங்கிவிட்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். இருபது அடிக்கு அப்பால் கண்ணிவெடி எச்சரிக்கையாக மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை ஒன்று கொடிகளால் மூடப்பட்டுக் கிடந்தது. மாடு மேய்ந்த தடம் இருந்ததால் பயமில்லை என்று எண்ணியதாக அவர் சொன்னார். மாட்டுத் தடம் எதற்கும் சான்றாகாது. இப்போது எவரை அழைத்துச் சென்றாலும் முதலில் கிராம அலுவலரிடமும் அங்கே நாளாந்தம் தோட்டம் செய்பவர்களிடமும் கேட்கிறேன், பாவனையிலுள்ள பாதையை விட்டு ஓரடி விலக விடுவதில்லை. மூடிக் கிடக்கும் பழைய கிணறுகளும் அதே அளவுக்கு ஆபத்தானவை.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். உறவினரிடம் பணம் வாங்குவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இரண்டு நாள் தையல் வேலையை விட்டுத்தான் போகிறேன். நீங்கள் எவ்வாறு செய்கிறீர்கள்?

ஒட்டுசுட்டான் வழிகாட்டி:

தங்கச்சி, நெருங்கிய உறவு என்றால் நான் வாகனச் செலவை மட்டும் வாங்குகிறேன். மற்றவர்களுக்கு நாட்கூலியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலாகச் செய்வதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் எடுக்க வேண்டும், பிரதேச வழிகாட்டிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. குடியிருப்பவருக்குப் பணம் கொடுப்பது சரியா என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. மாமி கொடுத்ததை அந்த மனிதர் வாங்க மறுத்துவிட்டார், பிள்ளைகளின் கொப்பிகளுக்கென்று சொன்ன பின்னரே வாங்கினார்.

மாமியின் தங்கை ரொறன்ரோவிலிருந்து நேற்று அழைத்தார். கிணறு வாய்க்காலுக்கு மறுகரையில் இருந்தது என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். மாரி முடிந்து வாய்க்காலில் நீர் குறைந்த பிறகு, தை மாதக் கடைசியில் அந்தக் கரையையும் பார்ப்பதாக அவரிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.