சிஸ்டர் எழுதிக் கொடுத்த தாள்

அம்பாசமுத்திரத்துக்காரன்:
அப்பாவுக்குக் குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனது. ஆறாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது வார்டு சிஸ்டர் ஒரு நோட்டுத் தாளை மடித்துக் கையில் கொடுத்தார். அதில் இருந்தது இதுதான்:

"அண்ணாச்சி வீட்டாருக்கு, காயத்தை நனைக்காமல் உடம்பைத் துடைத்துவிடுங்கள். காலையும் சாயங்காலமும் காய்ச்சல் பார்த்து எழுதி வையுங்கள். வலி மாத்திரை கொடுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். அது காய்ச்சலையும் அடக்கிவிடும், கொடுத்த பிறகு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 100.4 வந்தால், காயம் நன்றாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். குடல்வால் வெடித்தவர்களுக்கு வயிற்றுக்குள்ளும் சீழ் கட்டும். குளிர் நடுக்கம் வந்தாலோ, வெளிக்கு அடிக்கடி முட்டிச் சளி சளியாகப் போனாலோ ராத்திரி என்று பார்க்காமல் கூட்டி வாருங்கள்."

அண்ணன்தான் கவனித்துக்கொண்டான். மாத்திரை கொடுத்து, அப்பா சாப்பிட்டு முடித்து, சாவகாசமாகத் தெர்மாமீட்டர் வைப்பான். நான்கு நாளும் 98, 98.4 என்றே எழுதியிருந்தான். அப்பா நாளைக்கு ஏழெட்டுத் தடவை கக்கூஸ் போனதை மதினி வைத்த குழம்பின் மேல் போட்டோம். பாவம் மதினி. ஐந்தாம் நாள் சாயங்காலம் மாத்திரைக்கு முன்னால் நான் வைத்தேன், 101.2. தையல் துளிகூடச் சிவக்கவில்லை. ஸ்கேனில் அடிவயிற்றில் சீழ் தேங்கியிருந்தது. குழாய் வைத்து எடுத்தார்கள்.

களக்காட்டு அத்தை:
என் மாமியாருக்கு 102 காட்டியது என்று ஆட்டோ பிடித்து ஓடினோம். அங்கே பார்த்தால் ஒன்றுமில்லை. சுடச்சுடக் காபி குடித்த வாயில் வைத்திருக்கிறார்! வெளிக்குப் போவதற்கு நெல்லிக்காய் கொடுத்துப் பாருங்கள்.

மேலப்பாளையம் தம்பி:
அக்குளில் வைத்தால் ஒரு டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும். அண்ணன் அதையும் விட்டிருப்பார்.

ரிட்டயர்டு சிஸ்டர், பாளை:
அக்குளில் குறைவாகக் காட்டும் என்பது சரி தம்பி. ஆனால் எவ்வளவு குறையும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கூட்டாதீர்கள். காட்டியதை அப்படியே எழுதி, பக்கத்தில் 'அக்குள்' என்று போடுங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு, நுனி குழிக்குள் படும்படி வைத்துக் கையை ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். 99.5 தான், ஆனாலும் ஆள் நடுங்குகிறார் என்றால் எண்ணை நம்ப வேண்டாம். வாயில் வைப்பதென்றால் காபிக்குப் பிறகு அரைமணி பொறுங்கள். அத்தை, அது மலச்சிக்கல் இல்லை. உள்ளே தேங்கிய சீழ் ஆசனக் குடலை உறுத்துவதால் முட்டுகிறது, நெல்லிக்காய்க்கு அங்கே வேலையில்லை.

அம்பாசமுத்திரத்துக்காரன்:
வலி பொறுக்காதவருக்குக் காய்ச்சல் பார்ப்பதற்காக மாத்திரையைத் தள்ளிப்போடலாமா சிஸ்டர்?

ரிட்டயர்டு சிஸ்டர், பாளை:
தள்ள வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையை எடுக்கும்போதே தெர்மாமீட்டரையும் எடுங்கள். முந்தின வேளை மருந்து அப்போது ஓரளவு இறங்கியிருக்கும். முழுக்க இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது.

அம்பாசமுத்திரத்துக்காரன்:
எப்படியும் ஸ்கேனில் தெரிந்திருக்கும் என்றுதான் அண்ணன் இன்னும் சொல்கிறான். தாள் பீரோவில் இருக்கிறது, அவன் கையெழுத்தில் அந்த 98.4-களோடு.