உதவி தேவை: 11 சாட் பதிவுகள், ஒரே புகார், காரணம் மட்டும் பிடிபடவில்லை

கேட்டவர்: பிரிண்டர் Offline என்று காட்டும் புகாருக்கு ஓர் உதவிக் கட்டுரை எழுத வேண்டும். கையில் 11 சாட் பதிவுகள் இருக்கின்றன. ஒன்பது பதிவுகள் "சரியாகிவிட்டது, நன்றி" என்று முடிகின்றன. ஆனால் சிலவற்றில் ரவுட்டரை அணைத்துப் போட்டிருக்கிறார்கள், வேறு சிலவற்றில் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்திருக்கிறார்கள். எதைக் காரணம் என்று எழுதுவது?

மறுமொழி 1: ஒவ்வொரு சாட்டிலும் கடைசியாகச் செய்ததுதான் தீர்வு. அவற்றை வரிசையாகப் போட்டுவிடுங்கள்.

மறுமொழி 2: எனக்கும் இதே தொல்லைதான். யுஎஸ்பி கேபிள் மாட்டினேன், தீர்ந்தது.

கேட்டவர்: என் பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, கட்டுரைதான் தகராறு.

மறுமொழி 3: கடைசிச் செயலில் தீர்வு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சாட்டில் உள்ளது ஊழியர் ஊகித்த வரிசை. 'நன்றி'யை நம்பாதீர்கள், அதே ஆள் அதே புகாரோடு திரும்பி வந்தாரா என்று பாருங்கள்.

கேட்டவர்: பார்த்தேன். நான்கு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள், நால்வரும் அணைத்துப் போட்டவர்கள். நீக்கிச் சேர்த்தவர்கள் வரவில்லை. ஒரு பதிவில் மட்டும் ஊழியர் பிரிண்டரின் ஐபி முகவரியைக் கேட்டிருக்கிறார்: பிரிண்டர் அச்சிட்ட தாளில் `192.168.1.23`, கணினியின் Ports பகுதியில் `192.168.1.14`.

மறுமொழி 3: அதுதான் காரணம். ரவுட்டர் பிரிண்டருக்குப் புது முகவரி கொடுத்துவிட்டது, கணினி பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டிருக்கிறது. அணைத்துப் போட்டால் சில நேரம் பழைய முகவரியே திரும்பக் கிடைக்கும். அதனால்தான் தற்காலிகமாக வேலை செய்தது.

தலைப்பை வாடிக்கையாளர் தட்டச்சு செய்த சொல்லிலேயே வையுங்கள். "முகவரி முரண்பாடு" என்று யாரும் தேட மாட்டார்கள். காரணத்துக்கு இரண்டு வரி போதும். படிகள் இப்படி: பிரிண்டரில் அமைப்புத் தாளை அச்சிட்டு முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும், Printer properties, Ports, Add Port, Standard TCP/IP Port வழியாக அதைச் சேர்க்க வேண்டும், சோதனைப் பக்கம் அச்சிட வேண்டும். கடைசியாக, ரவுட்டரில் அந்த முகவரியை இந்தப் பிரிண்டருக்கென்றே ஒதுக்க வேண்டும். இதை விட்டால் புகார் மறுபடி வரும்.

கேட்டவர்: ஒரு பதிவில் ஊழியர், பிரிண்டரிலேயே ஒரு முகவரியை நிலையாகத் தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறார். மறுநாள் அதே அலுவலகத்தில் ஒரு கணினிக்கு இணைப்பு போய்விட்டது.

மறுமொழி 3: உங்கள் எச்சரிக்கை அதுதான். ரவுட்டர் பங்கிடும் எண்களில் ஒன்றை நாமாகவே பிரிண்டரில் எடுத்து வைத்தால், அதே எண் வேறொரு கருவிக்கும் போய் மோதும். எச்சரிக்கையை, ரவுட்டரில் முகவரியை ஒதுக்கும் படிக்கு முன்னால் எழுதுங்கள். கட்டுரையின் அடியில் போட்டால், செய்து முடித்த பிறகுதான் கண்ணில் படும்.

மறுமொழி 1: சரி, என் வரிசையைத் திரும்பப் பெறுகிறேன். பதிவுகளில் உள்ள பெயர், தொலைபேசி எண்களை நீக்கிவிட்டு ஒட்டுங்கள்.

கேட்டவர்: மற்ற வாடிக்கையாளர்களிடமும் முகவரியைக் கேட்டேன். இருவருக்கு முகவரிகள் ஒத்துப்போகின்றன, ஆனாலும் Offline.

மறுமொழி 3: Configure Port சாளரத்தில் SNMP Status Enabled குறியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரியானால் அதற்குத் தனிக் கட்டுரை, இதில் சேர்க்காதீர்கள்.

கேட்டவர்: ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார், குறியை எடுத்ததும் அச்சாகிறதாம். மற்றவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.