ஹீட்டர் அறையில் பறக்கும் முடி: எண்ணெயா, கண்டிஷனரா?

குருவி: வெளிநாட்டுல இது எனக்கு முதல் குளிர்காலம். ஹீட்டர் போட ஆரம்பிச்சதுலேர்ந்து சீப்பு வெச்சாலே முடி பறக்குது, பளபளப்பும் போச்சு. தினமும் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறேன், பலன் இல்லை. என்ன செய்யலாம்?

ஆலமரம்: எண்ணெய் போதலை. ராத்திரி தாராளமா தேய்ச்சு, காலையில ஷாம்பூ போட்டு அலசுங்க. எண்ணெய்ப் பசை இருந்தா முடி எப்படிப் பறக்கும்?

முல்லை: ஆலமரம் சொல்றது பாதிதான் சரி. எண்ணெய் இருக்கிற ஈரத்தைக் காக்கும், புதுசா ஈரம் தராது. 0 டிகிரி குளிர்ல வெளிக்காத்து ஒரு கன மீட்டருக்கு 5 கிராம் தண்ணிகூடத் தாங்காது. அதே காத்து வீட்டுக்குள்ள 22 டிகிரிக்குச் சூடானா ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிடும். காய்ஞ்ச முடியில மின்னேற்றம் வடிய வழியில்லை. சீப்பு உரச உரச இழைகள் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு நிக்குது.

இன்னொண்ணு, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். உங்க தலையில அது மெழுகா படிஞ்சுதான் முடி மங்கலாத் தெரியுதோன்னு தோணுது. குளிக்கிறதுக்கு முன்னாடி மட்டும் தேய்ங்க.

குளிச்சதும் தண்ணியைப் பிழிஞ்சுட்டு, காதுக்குக் கீழே இருக்கிற முடிக்குக் கண்டிஷனர் போட்டு மூணு நிமிஷம் விட்டு அலசுங்க. பாட்டில்ல 'ட்ரிமோனியம் குளோரைடு'ன்னு முடியுற பேர் இருக்கான்னு பாருங்க. முடியில ஒட்டிக்கிட்டு உரசலைக் குறைக்கிறது அதுதான்.

நீலவானம்: எனக்கு முடி பறக்கலை, ஆனா சாம்பல் பூசின மாதிரி இருக்கு. கண்டிஷனர் போட்டா இன்னும் கனக்குது. கெட்டில் அடியிலயும் வெள்ளையா படியுது.

முல்லை: உங்களுது ஹீட்டர் பிரச்சினை இல்லைங்க, உப்புத்தண்ணி. சுண்ணாம்புப் படிவத்தை எடுக்கிற கீலேட்டிங் ஷாம்பூ இருக்கு. மாசம் ரெண்டு தடவை போட்டுப் பாருங்க. தினமும் வேணாம், முடியை வறட்டிடும்.

குருவி: ஈரப்பதமானி வாங்கினேன், 23 காட்டுச்சு! ஈரத்துணியை அறையிலயே காயப்போட்டதும் 38 வரை ஏறிச்சு. முடி நல்லாவே அடங்கிச்சு. ஆனா காலையில ஜன்னல் கண்ணாடியில தண்ணி வழியுது.

முல்லை: அதுக்கு மேல ஏத்தாதீங்க. கண்ணாடியைத் துடைச்சு, அஞ்சு நிமிஷம் ஜன்னலைத் திறந்து வைங்க. விட்டா சுவர் மூலையில பூஞ்சை பிடிக்கும்.

ஆலமரம்: ஜன்னலைத் திறந்தா சேர்த்த ஈரமெல்லாம் போயிடுமே! எனக்கு எண்ணெய்தான் கைகொடுக்குது, முடி உடையறது நின்னிருக்கு. அதை விடமாட்டேன்.

முல்லை: போகத்தான் செய்யும், அடுத்த துணி காயறப்ப திரும்ப வந்துடும். முடி உடையறதுக்கு எண்ணெய் உதவும், மறுக்கலை. குருவி கேட்டது பறக்கிறதைப் பத்தி.

குருவி: கம்பளித் தொப்பியைக் கழட்டினா மறுபடி நட்டுக்குதே?

முல்லை: உள்ள சாட்டின் துணி வெச்சுத் தைச்சுக்கோங்க. கழட்டினதும் சீப்பை எடுக்காம, ஈரக் கையால ஒரு தடவை தடவிவிடுங்க.