90 விநாடி வீடியோ: தட்டான் பறந்தால் குளத்துத் தண்ணீர் சுத்தமா?

குளத்தங்கரை
ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 90 விநாடி வீடியோ எழுதுகிறேன். முதல் காட்சியில் குளத்துக்கு மேலே தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும். பின்னணிக் குரல்: "தட்டான் நிறைய பறக்குதா? அப்போ இந்தக் குளத்துத் தண்ணி சுத்தம்!" இந்த வரி நிற்குமா?

அறிவியல் வாத்தியார்
நிற்கும். தட்டான் முட்டையிடுவது தண்ணீரில், குஞ்சு வளர்வதும் தண்ணீரில். தண்ணீர் கெட்டால் குஞ்சு பிழைக்காது. கொசுப்புழுவைத் தின்னும் என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிடுங்கள். அதற்கு மேல் சொன்னால் பிள்ளைகள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

தும்பி தேடி
'தண்ணி சுத்தம்' என்ற வரியை நீக்கிவிடுங்கள். 'தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை பெய்யும்' என்போமே, அப்படிக் கூட்டமாகச் சுற்றுவதில் பெரும்பாலானவை பந்தாலா என்ற மஞ்சள் தட்டான். அது நெடுந்தூரப் பயணி. இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை காற்றோடு போகிறது என்று 2009-இல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். மழைநீர் தேங்கிய குட்டையில் முட்டையிட்டு, இரண்டு மாதத்துக்குள் குஞ்சு வளர்ந்து பறந்துவிடும். விளையாட்டு மைதானத்துக்கு மேலேயும் இதே கூட்டம் சுற்றும். கீழே இருக்கும் குளத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இன்னொன்று, டிச் ஜுவல். ஆண் தட்டானின் உடம்பும் இறக்கையில் பெரும்பகுதியும் ஆரஞ்சாக இருக்கும். கழிவுநீர் கலந்த குளத்திலும் கூட்டமாக வாழும். வேறு எதுவும் இல்லாமல் இது மட்டும் நிறைய இருந்தால், நான் அந்தத் தண்ணீரைச் சந்தேகப்படுவேன்.

அறிவியல் வாத்தியார்
அப்படியானால் தட்டான் அடையாளமே இல்லை என்று ஆகிறதே. பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோம்.

தும்பி தேடி
அடையாளம்தான் சார். ஆனால் எத்தனை வகை, அவை அங்கேயே வளர்ந்தவையா என்று பார்க்க வேண்டும். தட்டான் குஞ்சு பின்பக்கமாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, குடலில் இருக்கும் செவுளால் மூச்சுவிடும். கழிவு கலந்து ஆக்சிஜன் குறைந்தால் அதைத் தாங்காத வகைகள் முதலில் காணாமல் போகும். ஊசித்தட்டான்கள் செடித் தண்டுக்குள்ளேயே முட்டையைச் செருகும். கரையை மழித்துவிட்டால் அவற்றுக்கு இடமில்லை. தென்னாப்பிரிக்காவில் இதை வைத்தே ஒவ்வொரு வகைக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண் கொடுத்து நீர்நிலைகளை மதிப்பிடுகிறார்கள். எங்கும் பிழைக்கிற வகைக்கு 0. அரிதாகி, சூழல் கெட்டால் தாங்காத வகைக்கு 9.

மாடித்தோட்டம் ராணி
எங்கள் மொட்டை மாடித் தாமரைத் தொட்டியில் நிறைய தட்டான் குஞ்சு. கப்பி மீன் குட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. தண்ணீர் சுத்தம் என்று எடுத்துக்கொண்டு செல்லப்பிராணிக்குக் குடிக்க வைக்கலாமா?

தும்பி தேடி
மீன்குட்டிகளைத் தின்பது அந்தக் குஞ்சுகளாகத்தான் இருக்கும். கீழுதடு கை மாதிரி நீண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் இரையைப் பிடிக்கும். பெரிய மீன் இருந்தால் கதை தலைகீழ், குஞ்சைத்தான் மீன் தின்னும். ஆனால் குடிக்க வைக்காதீர்கள். தண்ணீரில் நோய்க்கிருமி இருக்கிறதா இல்லையா என்று தட்டானைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதை வீடியோவிலும் ஒரு வரியாகப் போடுங்கள். 'சுத்தம்' என்று கேட்டால் பிள்ளைகள் குடிக்கலாம் என்றே நினைப்பார்கள்.

குளத்தங்கரை
சரி, முதல் காட்சியில் எதைக் காட்டுவது?

தும்பி தேடி
சட்டை. வளர்ந்த குஞ்சு இரவிலோ விடியலிலோ கோரைத் தண்டில் ஏறி, முதுகு பிளந்து தட்டானாக வெளியே வரும். பழுப்பு நிறத்தில் வெற்றுச் சட்டை தண்டைப் பிடித்தபடியே நிற்கும். முதுகுக் கீறலில் வெள்ளை நூல் மாதிரி நாலைந்து இழை தொங்கும், அது மூச்சுக்குழாயின் உள்ளுறை. காற்றும் மழையும் கொண்டுபோகும் முன்னால், காலையில் அண்மைக் காட்சியாக எடுங்கள். குரல் இப்படி இருக்கலாம்: "பறக்கிறது எங்கிருந்தும் வந்திருக்கலாம். இந்தச் சட்டையைக் கழற்றியது இந்தக் குளத்திலேயே வளர்ந்தது. எத்தனை விதமான சட்டை இருக்குன்னு தேடுங்க."

அறிவியல் வாத்தியார்
காட்சி நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிச் ஜுவலும் சட்டை கழற்றுமே? பதினான்கு வயதுப் பிள்ளை சட்டையை வைத்து வகை பிரிக்குமா? எனக்கே முடியாது.

தும்பி தேடி
பெயர் வேண்டாம். ஒல்லியாக, வால்நுனியில் மூன்று இலை மாதிரி இருந்தால் ஊசித்தட்டான். குட்டையாக, தடித்திருந்தால் தட்டான். இரண்டும் கிடைத்தாலே நல்ல தொடக்கம்.

அறிவியல் வாத்தியார்
அதை மட்டும் வைத்துக் குளம் நலம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் ஊர்க் குளத்தில் நாலு பக்கமும் கல் பதித்துவிட்டார்கள், கோரையே இல்லை. அங்கே சட்டை கிடைக்காவிட்டால் குளம் கெட்டது என்று ஆகிவிடுமா?

தும்பி தேடி
கல் இடுக்கிலும் படியின் அடிப்பக்கத்திலும் ஒட்டியிருக்கும், முதலில் அங்கே பாருங்கள். ஒரு காலையில் கிடைக்கவில்லை என்பதை வைத்து எந்த முடிவும் வேண்டாம். மழைக்காலம் முடிந்த பிறகும் சில வாரம் பாருங்கள்.