முதல் வண்டிக்கு முன்னால் டியூட்டி சார்ட்டைச் சரிசெய்த கிளார்க்

பழைய டைம்கீப்பர்
ஒரு பஸ் டிப்போவில் டியூட்டி கிளார்க்கின் விடிகாலை இது. மணி 3:45. முதல் டியூட்டிக்கு டிரைவர் கையெழுத்துப் போட வேண்டியது 4:15. அவர் சார்ட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட் ரிஜிஸ்டரைத் திறந்தார். நேற்று 18:40க்கு முடிய வேண்டிய ஒரு வண்டி வழியில் பிரேக்டவுன் ஆகி 20:50க்குத்தான் உள்ளே வந்திருக்கிறது. அதை ஓட்டியவர் பெயர்தான் இன்றைக்கு முதல் டியூட்டியில். சார்ட் போட்டது மாலை 7 மணிக்கு. அப்போது கணக்கில் இருந்தது 18:40 மட்டுமே. அந்தக் கணக்கில் ஓய்வு 9 மணி 35 நிமிடம், உண்மையில் 7 மணி 25 நிமிடம். அந்த டிப்போவில் 9 மணி நேரம் கட்டாயம்.

ஸ்பேர் டிரைவர் ஒருவர் இருந்தார். ஆனால் மூன்றாம் டியூட்டிக்காரர் லீவு என்பதால் அவரை ஏற்கனவே 4:55க்குப் போட்டாகிவிட்டது. கிளார்க் அவரை முதல் டியூட்டிக்கு இழுத்தார். இப்போது ஓட்டை மூன்றாவதில். ரெஸ்ட் ரூமில் தூங்கிக்கொண்டிருந்த நாலாம் டியூட்டிக்காரரை எழுப்பி அங்கே போட்டார். ஓட்டை நாலாவதுக்கு, அதாவது 5:20க்கு நகர்ந்தது. ஆறாம் டியூட்டிக்காரரை அந்த நாலாவதுக்கு வரச்சொல்லி 4 மணிக்கு போன் போட்டார். அவருக்கு வந்துசேர 1 மணி 20 நிமிடம் கிடைத்தது. ஆறாவது 6:05. அதில் பிரேக்டவுன்காரர். 20:50இலிருந்து எண்ணினால் 9 மணி 15 நிமிடம். முடிந்தது.

ஓரத்து சீட்
இதுக்கு ஏன் நாலு பேரை நகர்த்தணும்? ஒண்ணாவதையும் ஆறாவதையும் நேரா மாத்திப்போட்டா ரெண்டு பேரோட முடிஞ்சிடுமே.

பழைய டைம்கீப்பர்
காகிதத்தில் முடிந்துவிடும். ஆறாம் டியூட்டிக்காரர் வீட்டில் தூங்குகிறார். 3:50க்கு எழுப்பினால் 4:15க்கு எப்படி வந்து நிற்பார்? யாருடைய நேரம் பொருந்துகிறது என்பதை விட, இந்த நிமிடம் டிப்போவுக்குள்ளே யார் இருக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. உள்ளே இருப்பவரை முன்னால் இழுத்து, ஓட்டையைப் பின்னால் தள்ள வேண்டும். பின்னால் போகப்போக ஆள் கிடைக்க நேரம் கிடைக்கும். ஆனால் நாலாம் டியூட்டிக்காரருக்கு மூன்றாவதின் ரூட்டும் வண்டி ரகமும் பழக்கமா என்று பார்க்காமல் நகர்த்தக் கூடாது. இங்கே பழக்கம்தான்.

வே பில்
இன்னொன்று. டிரைவரை மட்டும் நகர்த்தணும், கண்டக்டரைத் தொடக் கூடாது. டிக்கெட் மிஷினும் டிக்கெட் கணக்கு எழுதுற வே பில்லும் டியூட்டி நம்பருக்குப் போட்டு வெச்சிருப்பாங்க. ஜோடியா மாத்தினா நாலு மிஷினையும் திரும்ப லோட் பண்ணணும், முதல் வண்டி அங்கேயே லேட்.

புது கம்ப்யூட்டர்
எங்க சாஃப்ட்வேர் ஓய்வு குறைஞ்சா சிவப்பு காட்டும். அதனால எங்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது.

வே பில்
வண்டி உள்ளே வந்த நேரத்தை யாராவது ராத்திரியே ஏத்தியிருந்தால்தான் அது சிவப்பு காட்டும். ஏத்தலைன்னா அதுக்கும் 18:40தான் தெரியும், பச்சையாவே நிக்கும். நேற்றைய லேட் வரவை மட்டும் கேட் ரிஜிஸ்டரோடு ஒருதடவை ஒப்பிடுங்க, பத்து நிமிஷ வேலை.

ஓரத்து சீட்
சரி, ஒத்துக்கிறேன். அப்போ சார்ட்டில் எப்படித் திருத்துவது? வெள்ளை பூசியா?

பழைய டைம்கீப்பர்
பூசவே கூடாது. பழைய பெயர் படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு, பக்கத்தில் புதுப் பெயர், நேரம், சுருக்கொப்பம். அந்த கிளார்க் சறுக்கியதும் இங்கேதான். நோட்டீஸ் போர்டிலும் கண்ட்ரோல் ரூமிலும் திருத்தினார், கேட்டில் இருந்த நகலை மறந்துவிட்டார். 4:30க்கு முதல் வண்டி கேட்டுக்கு வந்தது. காவலாளி தன் சீட்டைப் பார்த்து, "இந்த வண்டிக்கு நீங்க இல்லையே" என்று நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரிதான். கிளார்க் பேனாவோடு ஓடிப்போய் அங்கேயும் கோடு போட்டபிறகுதான் வண்டி நகர்ந்தது. 4 நிமிடம் போச்சு.

கேட் பக்கம்
ஓய்வுக் கணக்கில் ஒரு சந்தேகம். வண்டி உள்ளே வந்தது 20:50. ஆனா பிரேக்டவுன் ரிப்போர்ட் எழுதி, லாக் ஷீட் கொடுத்து அவர் கையெழுத்துப் போட்டது 21:05ன்னு வைங்க. அப்போ 6:05க்கு சரியா 9 மணி நேரம், ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. எதை எடுக்கணும்?

பழைய டைம்கீப்பர்
கையெழுத்து நேரம்தான். ரிப்போர்ட் எழுதுவதும் வேலைதானே.

வே பில்
பல டிப்போல கேட் நேரத்தைத்தான் எடுக்கறாங்க, டிரைவர்கள் சண்டை போட்டும் மாறலை. நானா இருந்தா அவரை ஏழாவதுக்குத் தள்ளியிருப்பேன்.

கேட் பக்கம்
ஏழாவதுக்காரர் 6:05க்கு வரணுமே. அவரையும் எழுப்பணும்.