உதவி: கிட் முழுவதும் அனுப்பிவிட்டோம், விற்பனை ஆர்டரில் Delivered 0 என்று காட்டுகிறது

மொட்டைமாடி_நீர் (கேள்வி)

வணக்கம். மாடித்தோட்டத்துக்கான சொட்டுநீர் கிட்டை ஒரே பொருளாக ரூ.1,450 விலைக்கு விற்கிறோம். ஆர்டரில் ஒரே வரிதான் இருக்கும். டெலிவரியில் அது குழாய், டிரிப்பர் என்று தனித்தனிப் பொருட்களாகப் பிரிந்து கிடங்குக்குப் போகும். இதுவரை சரியாகத்தான் நடந்து வந்தது. இப்போது ஓர் ஆர்டரில் பத்து கிட்டும் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகும் Delivered கட்டத்தில் 0 நிற்கிறது. வேறொரு ஆர்டரில் பத்து அனுப்பியும் 9 என்று காட்டுகிறது. மாதக் கடைசி என்பதால் பில் போட வேண்டும், அவசரம். என்ன செய்வது?

கிடங்கு_மணி

எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள். கிட்டுக்குள் என்னென்ன பொருட்கள், எத்தனை எத்தனை என்பதையும் எழுதுங்கள். குழாயை மீட்டர் கணக்கில் வைத்திருக்கிறீர்களா, சுருள் கணக்கிலா? என் அனுபவத்தில் இப்படிப்பட்ட சிக்கல்களில் பாதிக்கு மேல் அளவு அலகில்தான் வந்து முடியும்.

ஈரோடு_கணக்கர்

பொருளின் Invoicing Policy என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். அதை Ordered quantities என்று மாற்றிவிட்டால் எவ்வளவு அனுப்பினீர்கள் என்பதைப் பார்க்காமலே பில் வந்துவிடும். எங்கள் கடையில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

பழைய_நிரலர்

இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. பதிப்பு எண், கிட்டின் உள்பொருள் பட்டியலான பிஓஎம்மின் வகை, டெலிவரியின் நிலை ஆகிய மூன்றும் இல்லாமல் கேள்வி கேட்பவர்களுக்கு உதவுவது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவதற்குச் சமம். ஈரோடு நண்பர் சொன்ன வழி பில்லை வரவழைக்கும் என்பது உண்மைதான், ஆனால் தவறான எண்ணிக்கை உள்ளே அப்படியே இருக்கும். பாதி மட்டும் அனுப்பிய ஆர்டருக்கும் முழுத் தொகைக்குப் பில் போய்விடும்.

மொட்டைமாடி_நீர்

மன்னிக்கவும். ஓடூ 17. பிஓஎம் வகை Kit. பில் கொள்கை Delivered quantities. கடைக்காரர்களுக்குப் பகுதி பகுதியாக அனுப்புவதால் அதை மாற்ற விருப்பமில்லை. ஒரு கிட்டில் 16 மி.மீ. குழாய் 20 மீட்டர், டிரிப்பர் 25, டேப் கனெக்டர் 1, எண்ட் கேப் 2, துளையிடும் பஞ்ச் 1. இப்போது பில்டர் 1. குழாய் மீட்டர் கணக்கில்தான் இருக்கிறது. எல்லா டெலிவரியும் Done நிலையில் உள்ளன.

சரக்கு_வழி

எங்களுக்கும் கிட் வியாபாரம்தான், ஆனால் நாங்கள் இஆர்பிநெக்ஸ்ட் பயன்படுத்துகிறோம். அதில் Product Bundle என்று உண்டு. தாய்ப் பொருளுக்கு இருப்பு வைக்கக் கூடாது, அதாவது Maintain Stock குறியை எடுத்துவிட வேண்டும். நீங்களும் கிட் பொருளின் இருப்பைச் சரிபாருங்கள். எங்களுக்கு அங்கேதான் குழப்பம் வந்தது.

நெல்லை_தொகுப்பு

சரக்கு_வழி அவர்களே, அது வேறு அமைப்பு. அங்கே டெலிவரி நோட்டில் எழுதப்படுவது தாய்ப் பொருளின் எண்ணிக்கை. உள்ளே இருப்பவை அதைத் தொடர்ந்து போகின்றன. அதனால் இந்தச் சிக்கல் உங்களுக்கு வராது. ஓடூவில் கிடங்கிலிருந்து நகர்வது உள்ளே இருக்கும் பொருட்கள் மட்டுமே. எத்தனை கிட் போனது என்பதை அந்த நகர்வுகளிலிருந்து அது பின்னோக்கிக் கணக்கிடுகிறது.

மொட்டைமாடி அவர்களே, "இப்போது பில்டர் 1" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "இப்போது" எப்போதிலிருந்து? பிஓஎம்மில் பில்டரைச் சேர்த்தபோது 0 காட்டும் ஆர்டர் எந்த நிலையில் இருந்தது? அதை ஒரே தடவையில் அனுப்பினீர்களா, இரண்டு தடவையாகவா?

கிடங்கு_மணி

பில்டர் இருக்கட்டும், குழாயை முதலில் பாருங்கள். 9 என்று காட்டும் ஆர்டரின் டெலிவரியில் குழாய் எத்தனை மீட்டர் போயிருக்கிறது? நூறு மீட்டர்ச் சுருள் என்று வாங்குவது அளந்தால் சரியாக நூறு இருப்பதில்லை.

மொட்டைமாடி_நீர்

பார்த்தேன். 9 காட்டும் ஆர்டரில் குழாய் 199.5 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. மீதி அரை மீட்டருக்குப் பேக்ஆர்டர் வேண்டாம் என்று கிடங்கில் அழுத்தியிருக்கிறார்கள்.

0 காட்டும் ஆர்டர் இரண்டு தடவையாகப் போனது. முதலில் ஆறு கிட், அப்போது 6 என்று சரியாகக் காட்டியது, அந்த ஆறுக்குப் பில்லும் போட்டோம். பிறகுதான் வாடிக்கையாளர்கள் கேட்டதால் கிட்டில் பில்டரைச் சேர்த்தோம். மீதி நான்கை அனுப்பியதும் 6 என்பது 10 ஆவதற்குப் பதிலாக 0 ஆகிவிட்டது. To Invoice இப்போது -6 என்று நிற்கிறது.

நெல்லை_தொகுப்பு

இப்போது புரிகிறது. உங்களிடம் இருப்பவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். மணி அண்ணன் சொன்னது ஒன்றுக்குப் பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது.

அது எண்ணும் விதம் இதுதான். பிஓஎம்மின் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு, அந்த வரிக்கு உரிய பொருள் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்து, ஒரு கிட்டுக்குத் தேவையான அளவால் வகுக்கிறது. டிரிப்பர் 250 போயிருந்தால் 25ஆல் வகுத்து 10. குழாய் 199.5 போயிருந்தால் 20ஆல் வகுத்து ஏறத்தாழ 9.98. கிடைத்த எண்களில் மிகச் சிறியதை எடுத்து, பின்னத்தை வெட்டிவிடுகிறது. எனவே அரை மீட்டர் குறைந்ததற்கு ஒரு முழுக் கிட் குறைந்து 9 ஆனது.

0 வருவதன் காரணம் வேறு. கணக்கிடும் நேரத்தில் பிஓஎம்மில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அது பார்க்கிறது, ஆர்டர் உறுதியான அன்று இருந்ததை அல்ல. உங்கள் பழைய ஆர்டர் ஐந்து பொருட்களாகப் பிரிந்து டெலிவரிக்குப் போய்விட்டது. நீங்கள் பிறகு சேர்த்த பில்டர் அந்த டெலிவரிக்குள் தானாக நுழையாது. ஆனால் எண்ணும்போது ஆறாவது வரியாகப் பில்டர் இருக்கிறது, அதற்கு ஒரு நகர்வுகூட இல்லை. ஒரு வரிக்கு நகர்வே இல்லையென்றால் மொத்தமும் 0 என்று திருப்பிவிடும். பில்டரைச் சேர்த்த அன்றே அது 0 ஆகவில்லை, ஏனெனில் சேமித்த எண்ணைத் தானாக மறுகணக்கிடுவதற்கு ஏதாவது ஒரு நகர்வு மாற வேண்டும். நான்கு கிட்டை அனுப்பியது அதைத் தூண்டிவிட்டது.

-6 நிற்கும் அந்த ஆர்டரில் இப்போதைக்குப் பில் போடும் பொத்தானைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பில் போட்ட ஆறையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

பழைய_நிரலர்

ஏற்கெனவே நகர்வுகள் உள்ள கிட்டின் பிஓஎம்மைத் திருத்தும்போது, இந்த அமைப்பை மாற்றினால் விரும்பத்தகாத விளைவுகள் வரலாம், பழைய பொருளை ஒதுக்கிவிட்டுப் புதிய பொருளும் புதிய பிஓஎம்மும் உருவாக்குங்கள் என்று திரையிலேயே எச்சரிக்கை வருகிறது. அதைப் படிக்காமல் மூடிவிட்டு இங்கே வருவது சரியான பழக்கம் அல்ல.

நெல்லை_தொகுப்பு

எச்சரிக்கை வருவது உண்மைதான், ஆனால் என்ன விளைவு என்று அது சொல்வதில்லை. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் அதைப் பார்த்தவர் ஒருவர், பில் போடுபவர் வேறொருவர்.

தணிக்கை_மேசை

இடையில் ஒரு செய்தி. பில்டருக்கும் குழாய்க்கும் ஜிஎஸ்டி விகிதம் வேறாக இருந்தால், கிட்டை ஒரே வரியாகப் பில் போடுவது உங்களுக்கு நட்டம் தரலாம். வெவ்வேறு பொருட்களை ஒரே விலைக்குச் சேர்த்து விற்றால் அது கலப்பு வழங்கல். 2017ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி உள்ளே இருப்பவற்றில் எதற்கு அதிக விகிதமோ அதுவே முழுத் தொகைக்கும் வரும். பேசாமல் பில்லிலும் ஒவ்வொரு பொருளையும் தனி வரியாக, தனி விலையோடு போட்டுவிடுங்கள்.

ஈரோடு_கணக்கர்

அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. இயல்பாகவே சேர்ந்து விற்கப்படும் பொருட்கள், அவற்றில் ஒன்று முதன்மையானது என்றால் அது கூட்டு வழங்கல். முதன்மைப் பொருளின் விகிதமே எல்லாவற்றுக்கும். சட்டத்தில் கலப்பு வழங்கலுக்குக் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு இனிப்பு, சாக்லேட், உலர்பழம், பழச்சாறு எல்லாம் அடங்கிய பொதி. குழாயும் டிரிப்பரும் அப்படிப்பட்டவை அல்ல, ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு வேலையில்லை.

தணிக்கை_மேசை

குழாயும் டிரிப்பரும் சரி. துளையிடும் பஞ்ச் ஒரு கைக்கருவி, அதைத் தனியாகவும் விற்கிறார்கள். அதிகாரி ஒருவர் அதைக் கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

ஈரோடு_கணக்கர்

கிட் வாங்குபவர் குழாயில் துளையிடத்தானே அதை வாங்குகிறார் என்று சொல்வேன். ஒரே விலை பேசி விற்றுவிட்டு, வரிக்காகப் பில்லில் மட்டும் விலையைப் பிரித்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள்.

நெல்லை_தொகுப்பு

நீங்கள் இருவரும் சொல்வதை அவர் தம் தணிக்கையாளரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளட்டும். மென்பொருளைப் பொறுத்தவரை இவ்வளவுதான்: கிட் பொருளின் மேல் எந்த வரியை வைத்திருக்கிறீர்களோ அதுதான் விற்பனை வரியில் வரும்; உள்ளே இருக்கும் பொருட்களின் வரியை அது பார்ப்பதே இல்லை. எனவே எந்த முடிவாக இருந்தாலும் கிட் பொருளில்தான் அதைப் பதிய வேண்டும்.

இனித் தீர்வு. பில்டர் வரியை அழிக்காதீர்கள். அழித்தால் புதிய ஆர்டர்களில் ஏற்கெனவே பிரிந்திருக்கும் பில்டர் நகர்வுகள் அந்த வரியோடு உள்ள தொடர்பை இழந்துவிடும். அதற்குப் பதிலாகப் பில்டரின் அளவை 0 என்று மாற்றுங்கள். அளவு 0 உள்ள வரியை எண்ணும்போது அது தாண்டிச் சென்றுவிடும். அளவை மாற்றுவதால் மட்டும் பழைய எண் திருந்தாது, மறுகணக்கிடச் சொல்ல வேண்டும். Sales Order மாதிரிக்கு Execute Code வகையில் ஒரு Server Action உருவாக்கி, இந்த ஒரு வரியை எழுதி, அந்த ஆர்டரின் மேல் இயக்குங்கள்.

```
records.order_line._compute_qty_delivered()
```

முதலில் தரவுத்தளத்தின் நகலில் செய்து பார்த்துவிட்டு அசலில் செய்யுங்கள். Delivered 10 என்றும் To Invoice 4 என்றும் வர வேண்டும். பில்டர் உள்ள கிட்டுக்கு அதே பொருளின் கீழ் இரண்டாவதாக ஒரு Kit பிஓஎம் உருவாக்கி, வரிசையில் அதை மேலே வையுங்கள். புதிய ஆர்டர்கள் மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளும். பழையவை தம் நகர்வுகள் எந்த பிஓஎம்மிலிருந்து பிரிந்தனவோ அதைக்கொண்டே எண்ணப்படும்.

பழைய_நிரலர்

இரண்டாவது பிஓஎம் என்பதை நான் ஏற்கமாட்டேன். பில்டர் உள்ளதும் இல்லாததும் வாடிக்கையாளருக்கு வெவ்வேறு சரக்கு. ஒரே பெயரில் இரண்டையும் வைத்தால், திருப்பி அனுப்பும்போது எது வந்தது என்று கிடங்கில் எப்படித் தெரியும்? புதிய பொருள், புதிய குறியீடு, அதுவே சரி.

நெல்லை_தொகுப்பு

விலையும் மாறினால் நீங்கள் சொல்வதுதான் நல்லது. விலை மாறவில்லை, கடைக்காரர்கள் பழைய குறியீட்டிலேயே ஆர்டர் அனுப்புகிறார்கள் என்றால் இரண்டாவது பிஓஎம் போதும் என்பது என் கருத்து.

கிடங்கு_மணி

அந்த 9க்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. பத்தாவது கிட்டில் குழாய் உண்மையிலேயே 19.5 மீட்டர்தான் இருக்கிறது. அரை மீட்டரை அனுப்பிவிட்டு, டெலிவரியின் பூட்டைத் திறந்து 200 என்று திருத்துங்கள். ஆனால் பில்டரை 0 ஆக்கிய பிறகு செய்யுங்கள், இல்லையென்றால் திருத்திய நொடியில் இதுவும் 0 ஆகிவிடும். இனிமேல் குழாயைச் சுருளிலிருந்து 20 மீட்டர்த் துண்டாக முன்பே வெட்டி, துண்டு என்று எண்ணிக்கையில் இருப்பு வையுங்கள். கிட்டில் துண்டு 1 என்று போட்டால் பின்னம் வருவதற்கே இடமில்லை.

மொட்டைமாடி_நீர்

நகலில் செய்து பார்த்து, பிறகு அசலிலும் செய்தேன். Delivered 10, To Invoice 4 என்று வந்தது. நான்குக்கும் பில் போய்விட்டது. அரை மீட்டர்க் குழாயை நாளை அனுப்புகிறோம். அனைவருக்கும் மிக்க நன்றி.

நெல்லை_தொகுப்பு

மகிழ்ச்சி. பில்டர் சேர்த்த பிறகு உறுதியான, இன்னும் அனுப்பாத ஆர்டர்கள் எத்தனை இருக்கின்றன? அவற்றில் பில்டர் கிடங்கிலிருந்து போகும், ஆனால் நீங்கள் 0 ஆக்கியதால் பில்டர் போகாவிட்டாலும் கிட் முழுமை என்று எண்ணப்படும். பில் போடும் முன் அந்த டெலிவரிகளைக் கண்ணால் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரக்கு_வழி

மொட்டைமாடி அவர்களே, அந்த ஆர்டர்களை என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நாங்களும் அடுத்த ஆண்டு ஓடூவுக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.